சின்ன கேட்டுக்கு முப்பது நாள்

எங்கள் ஆபீசில் அவருக்குப் பசையண்ணன் என்று பெயர். சம்பளப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைப் படித்தால் யார் இது என்று எனக்கே ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கும். கன்டோன்மென்ட் போர்டு வெளியிடும் அறிவிப்புகளை ஒட்டுவது அவர் வேலை. விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் வால்வைத் திறந்துவிடுவதும் அவர்தான். போர்டு கூட்டம் நடந்தால் டீ கொடுப்பதும் அவர்தான். சின்ன ஆபீஸ், ஆளுக்கு மூன்று வேலை. நான் அங்கே ஹெட்கிளார்க். டைப் அடிப்பது, கூட்டத்தில் குறிப்பெடுப்பது, எல்லோர் மேலும் எரிந்து விழுவது என்று எனக்கும் மூன்று.

வெளியில் இருப்பவர்களுக்கு எங்கள் இடத்தைப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். ராணுவத்துக்கு ஒதுக்கிய இடம், ஆனால் நகரத்துக்கு நட்டநடுவில் இருக்கிறோம். நாலு பக்கமும் மாநகராட்சித் தெருக்கள். ஆனால் மதில் சுவருக்கு உள்ளே மாநகராட்சிக்கு ஒரு வேலையும் இல்லை. இங்கே ரோடு, தண்ணீர், குப்பை, பிறப்பு இறப்புச் சான்றிதழ் எல்லாம் போர்டு பார்த்துக்கொள்ளும். போர்டுக்குத் தலைவர் ராணுவத்துப் பிரிகேடியர். அன்றாட நிர்வாகத்துக்கு ஒரு சிவிலியன் அதிகாரி. உள்ளே குடியிருக்கும் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களும் உண்டு. வீட்டுக்குள் ஒரு ஜன்னல் இடித்துக் கட்டினாலும் போர்டு அனுமதி வேண்டும், ஏனென்றால் வீடு உங்களுடையதாக இருந்தாலும் நிலம் அரசாங்கத்துடையது.

ஒருமுறை மழையில் ஒரு பெரிய மரம் மதில்மேல் சாய்ந்து பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தது. எங்கள் ஆட்கள் உள்பக்கம் இருந்ததைச் சுவர்வரை ஒழுங்காக அறுத்து எடுத்துப் போனார்கள். வெளிப்பக்கம் இருந்தது மாநகராட்சியின் மரம். அவர்கள் வர இருபத்திரண்டு நாள் ஆயிற்று. அதுவரை அந்தச் சந்தில் போனவர்கள் எல்லோரும் குனிந்து போனார்கள்.

பசையண்ணன் இந்த எல்லைக் கோட்டை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறவர். அறிவிப்பு ஒட்ட மூன்று இடம்: ஆபீஸ் வாசல் பலகை, மார்க்கெட் சுவர், விஷயம் எந்த இடத்தைப் பற்றியதோ அந்த இடம். மைதாவைக் காய்ச்சிப் பசை செய்வார். நாலு மூலையும் படியும்படி ஒட்டி, உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. பிறகு தேதி, நேரம் போட்டு எனக்கு ஒட்டிய அறிக்கை தருவார். எதையும் படிக்காமல் ஒட்டமாட்டார். மதிலின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஒட்டவேமாட்டார்.

ஆரம்ப காலத்தில் ஒருமுறை ஒட்டினாராம். மாநகராட்சி, எங்கள் சந்தில் நின்று சுவரைக் கெடுத்தீர்கள் என்று கடிதம் எழுதிவிட்டது. அப்போதைய அதிகாரி இவரைக் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்திருக்கிறார். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின கதை அது. ஆனால் நேற்று நடந்த மாதிரிதான் சொல்வார்.

"வெளிப்பக்கமும் ஒண்ணு ஒட்டினா நாலு பேர் படிப்பாங்களேண்ணே" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"அங்க நம்ம பசை படக்கூடாதும்மா. அது வேற ராஜ்ஜியம்."

அந்த வேறு ராஜ்ஜியத்தில்தான் அவருடைய சொந்தமென்று இருந்த ஒரே ஆள் குடியிருந்தாள். அவருடைய அக்கா. மேற்கு மதிலில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன கேட் இருந்தது. காலை ஆறிலிருந்து இரவு ஒன்பதுவரை திறந்திருக்கும். ஒரு சிப்பாய் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் பெயரை எழுதிக்கொள்வான். அதைத் தாண்டினால் ஒரு சந்து, சந்தில் நாலாவது வீடு. பசையண்ணன் குவார்ட்டர்ஸிலிருந்து எண்ணிப் பார்த்தால் முந்நூறு காலடி இருக்காது.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி போய்ப் பதினோரு வருஷம். போன புதிதில் மனிதர் வேலைக்கு மட்டும் வந்துகொண்டிருந்தார், வேறு எதுவும் செய்யவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், ஆச்சு, ஆச்சு என்பார். எதுவும் ஆகியிருக்காது. ஒரு நாள் சாயங்காலம் அக்கா அந்தச் சின்ன கேட் வழியாக வந்து, குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டி, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாளாம். அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்குப் போவார், எட்டரைக்குத் திரும்புவார். அக்கா துணி தைப்பவள், விதவை, அவளுக்கும் அந்த இரண்டரை மணி நேரத்துக்கு வேறு யாரும் கிடையாது.

ஒன்றாகவே இருந்துவிடலாமே என்று யாரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். வால்வு திறக்கிறவர் குவார்ட்டர்ஸில்தான் தங்கவேண்டும் என்பது வேலையின் நிபந்தனை, நாலு மணிக்குச் சின்ன கேட்டும் திறந்திருக்காது. அக்காவை உள்ளே கூட்டி வந்து வைத்துக்கொள்ள, குவார்ட்டர்ஸ் விதியில் உடன்பிறந்தவளுக்கு இடமில்லை. இடமிருந்தாலும் அவளிடம் துணி தைக்கக் கொடுப்பவர்கள் பாஸ் வாங்கிக்கொண்டா வருவார்கள்?

ஐந்தரை மணிக்குப் பசைத் தூரிகையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆபீஸ் கண்ணாடியில் தலை வாரிக்கொள்வார். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வகிடு எடுப்பார். "என்னண்ணே, பொண்ணு வீட்டுல எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?" என்று நான் கிண்டல் செய்வேன். வெட்கப்பட்டுக்கொண்டே போவார். நாள் முழுவதும் அவர் முகம் தெளிந்து நான் பார்ப்பது அந்த ஒரு நேரம்தான்.

சின்ன கேட்டை நிரந்தரமாக மூடும் அறிவிப்பை டைப் அடித்தது நான்தான். பாதுகாப்புக் காரணம், காவலுக்கு ஆள் பற்றாக்குறை. பொதுவழி என்பதால் நினைத்தவுடன் மூடிவிட முடியாது. போர்டு அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, தீர்மானம் போட்டு, மேலிடத்தின் ஒப்புதல் வாங்கவேண்டும். ஆட்சேபணைக்கு முப்பது நாள்.

அவர் நின்றபடியே படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சாதாரணமாக மடித்து எடுத்துக்கொண்டார்.

"இது முன்னாடியே ரெண்டு தடவை வந்ததுதானேம்மா. ஆட்சேபணை வந்து குவியும். தூக்கிப் போட்டுடுவாங்க."

அது உண்மை. இரண்டு தடவையும் கட்டுக்கட்டாக வந்தது, நானே எண்ணியிருக்கிறேன். வழக்கம்போல மூன்று இடத்திலும் ஒட்டினார். சின்ன கேட் பக்கத்தில் ஒட்டியது, வழக்கம்போல, உள்பக்கம்.

இருபத்தொன்பதாம் நாள் அவரைக் கூப்பிட்டு அறிக்கையில் கையெழுத்துக் கேட்டேன். ஒட்டிய இடம் மூன்று, ஆட்சேபணை இல்லை.

"இல்லையா?" என்றார். "ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட வரலை."

"போன தடவை நூத்துக்கணக்குல வந்துச்சே."

"அதெல்லாம் யாருண்ணே போட்டது? ஸ்கூல் பிள்ளைங்களோட அப்பா அம்மா. வெளிய இருந்து அந்த கேட் வழியாத்தானே பிள்ளைங்க வந்துச்சு. இப்ப ஸ்கூல் எங்க இருக்கு?"

போர்டு பள்ளிக்கூடத்தை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூடும் அறிவிப்பை ஒட்டியவரும் அவரே. படிக்காமல் ஒட்டாத மனிதர், படித்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. எப்போதும் யாரோ ஆட்சேபிக்கிறார்கள், இப்போதும் யாரோ ஆட்சேபிப்பார்கள் என்று இத்தனை நாளும் நிம்மதியாகத் தலை வாரிக்கொண்டு போயிருக்கிறார். சந்துக்காரர்களுக்கு அறிவிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஏனென்றால் காகிதம் அவர்கள் பக்கம் இல்லவே இல்லை.

"அக்காகிட்ட சொன்னீங்களா இல்லையா?"

தலையை ஆட்டினார். இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நாளைக்கு அஞ்சு மணிவரை டைம் இருக்கு. நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்க. ஒட்டினவரு ஆட்சேபிக்கக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்லை."

"ஒட்டுன கையாலேயே எதிர்த்து எழுதச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்குத் தலை வாரவில்லை.

மறுநாள் நாலரை மணிக்கு அக்கா ஆபீசுக்கு வந்தாள். நான் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. குட்டையான, கனத்த பெண்மணி. இரண்டு முழங்காலும் வளைந்திருந்தன. சின்ன கேட்டிலிருந்து ஆபீஸ்வரை வர நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் பசையண்ணன், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைபோல.

"முப்பது நாளா என் கையால சாப்பிட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லலைம்மா இவன். நேத்து சொல்றான். தட்டைப் பிடுங்கிடலாமான்னு வந்துச்சு." காகிதத்தை நீட்டினாள். "இதை வாங்கிக்குங்க."

ராத்திரியும் காலையுமாக அந்தச் சந்து முழுக்க ஏறி இறங்கி வாங்கிய பத்தொன்பது கையெழுத்து. பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்கு வழி, வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரி பக்கம் என்று தெளிவாக எழுதியிருந்தாள். நாலு நாற்பது என்று நேரம் போட்டு முத்திரை குத்தினேன். மறுபடி படித்தபோதுதான் கவனித்தேன்.

"தம்பி தினமும் வர்றதைப் பத்தி எழுதவே இல்லையேம்மா?"

"அதையெல்லாம் பேப்பர்ல எழுதுவாங்களா?" என்றாள். "வெளியில இருக்கறவ நான். இவன் உள்ள இருக்கறவன், இங்கயே வேலை பார்க்கறவன். இவன் வாயால சொல்லட்டும்." தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லுவேல்ல?"

"சொல்றேன்கா."

அதற்கு மூன்றாவது வாரம் போர்டு கூட்டம். நீள மேஜை, தலைப்பக்கத்தில் பிரிகேடியர், பக்கத்தில் நிர்வாக அதிகாரி, இந்தப் பக்கம் உறுப்பினர்கள், கடைசியில் குறிப்பு நோட்டோடு நான். ஆட்சேபணையை அதிகாரி வாசித்தார். ஒதுக்கித் தள்ளவில்லை, அதைச் சொல்லவேண்டும். கையெழுத்துப் போட்ட பத்தொன்பது பேரும் மதிலுக்கு வெளியே இருப்பவர்கள், இந்த போர்டின் வாக்காளர்கள் இல்லை, அவர்களுக்கு வழி செய்து கொடுக்கவேண்டியது மாநகராட்சி என்றார். மாநகராட்சியைக் கேட்டு எழுதியதற்கு, கேட் எங்கள் எல்லைக்குள் இல்லை, கருத்துச் சொல்வதற்கில்லை என்று பதில் வந்திருந்தது.

"உள்ள இருக்கறவங்க யாராவது அந்த கேட்டை யூஸ் பண்றாங்களா?" என்று பிரிகேடியர் கேட்டார். நல்ல மனிதர். உண்மையாகவே கேட்டார். ஒரு ஆள் இருந்தாலும் யோசிக்கலாம் என்பது அவர் குரலில் இருந்தது.

அதிகாரி காவல் பதிவேட்டைப் புரட்டினார். "உள்ள இருக்கறவங்கள்ல ஆறு மாசமா சாயங்காலத்துல ஒரே பேர்தான் சார் வருது." பெயரை வாசித்தார். சம்பளப் பதிவேட்டில் உள்ள பெயர்.

அந்த நேரம் பசையண்ணன் டீ டிரேயோடு மேஜையின் நடுப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். அறையில் இருந்த எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் அந்த அறையில் அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை, சர்க்கரை போட்டதா போடாததா என்பதைத் தவிர.

"நீங்களா? எதுக்குப் போறீங்க?" என்றார் பிரிகேடியர்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் சொல்லிக் கொடுத்தேன். அக்கா வீட்டுக்கு. அக்கா வீட்டுக்கு என்று சொல்லுங்கண்ணே.

ஒரு டம்ளரை எடுத்துப் பக்கத்தில் இருந்த உறுப்பினர் முன்னால் வைத்தார்.

"சும்மா சார்" என்றார். "சும்மா காலாற நடந்துட்டு வருவேன்."

"நடக்க உள்ளேயே நல்ல ரோடு இருக்கே" என்று ஒரு உறுப்பினர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை. தீர்மானம் நிறைவேறியது. அடுத்த பொருள் சாக்கடைத் தூர்வாரல்.

நான் எழுந்து சொல்லியிருக்கலாம். ஹெட்கிளார்க் கூட்டத்தில் பேசக்கூடாது என்பது வழக்கம்தான், விதி இல்லை. விதிக்கும் வழக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஆபீசில் மற்ற எல்லோருக்கும் பாடம் எடுப்பவள் நான். வாயைத் திறக்காமல் எழுதினேன். கூட்டக் குறிப்பில் அது இன்றும் என் எழுத்தில் இருக்கிறது: 'போர்டு ஊழியர் ஒருவர் மட்டும் மாலை நடைக்காகப் பயன்படுத்துவதாகத் தெரிகிறது.'

கூட்டம் முடிந்ததும் வராந்தாவில் அவரைப் பிடித்தேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க? எடுத்துக் கையில குடுத்தாரே மனுஷன்!"

"அத்தனை பேர் பார்க்கையில வாயில அதுதான் வந்துச்சு." டிரேயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டது. "அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போறேன், இல்லைன்னா எனக்குப் பேச ஆளில்லைன்னு அம்பத்தேழு வயசு ஆம்பளை எப்படிம்மா சொல்றது?"

எனக்குத் திட்டத்தான் தெரியும், அன்றைக்கு அதையும் விட்டுவிட்டேன்.

மறுநாள் அவரே வந்து என் மேஜைப் பக்கம் நின்றார். "சொன்னியான்னு அக்கா கேட்டா" என்றார். "நான் என்ன சொன்னேனோ அதை அப்படியே சொன்னேன்."

"திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். சோறு போட்டா. கை கழுவிட்டு வந்தப்புறம்தான் கேட்டா, பதினோரு வருஷமா சும்மாதான் வந்தியாடான்னு."

மேலிடத்தின் ஒப்புதல் வர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் அவர் போய் வந்தார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. முடிவு அறிவிப்பை நான் டைப் அடித்தேன், அவர் ஒட்டினார். நாலு மூலையும் படியத்தான் ஒட்டினார். கொத்தனார்கள் சுவர் எழுப்ப வந்தபோது கலவைக்குத் தண்ணீர் வேண்டும் என்றார்கள். அந்த லைனின் வால்வை இவர்தான் போய்த் திறந்துவிட்டார். வேலை இரண்டு நாளில் முடிந்தது. புதுச் செங்கல் மட்டும் கொஞ்ச நாள் நிறம் வேறாகத் தெரிந்தது. பிறகு அதற்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

இப்போது அக்கா வீட்டுக்குப் போக மெயின் கேட் வழியாக வெளியே வந்து, மதிலைப் பாதிச் சுற்றுச் சுற்றி, இரண்டு பஸ் மாறவேண்டும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஒரு கண்ணில் புரை விழுந்து சைக்கிளை எப்போதோ விட்டுவிட்டார். முதல் வாரம் தினமும் போய்ப் பார்த்தார். போய்ச் சேர்ந்தால் ஏழு தாண்டிவிடும், உட்கார்ந்தவுடன் கிளம்பவேண்டும், நாலு மணிக்கு வால்வு. ஆறாம் நாள் அக்காவே வேண்டாம் என்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்றாளாம். ஒரு நாள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்ததாகவும் என்னிடம் சொன்னார். அவளுக்குக் கேட்டிருக்காது என்றும் அவரே சொன்னார். தையல் மிஷின் ஓடும் நேரமாம்.

இன்னும் மூன்று வருஷம்தானே, ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அங்கேயே போய்விடலாமே என்று ஆபீசில் சுலபமாகச் சொல்கிறார்கள். அக்காவுக்கு அறுபத்தொன்று. முழங்கால் போன பிறகு என்னவெல்லாம் போகும் என்று யாருக்குத் தெரியும்? மூன்று வருஷத்தை 'தானே' போட்டுச் சொல்பவர்கள் எல்லோரும் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள். நானும் போகிறவள்தான். ஐந்தரைக்கு நான் பையை எடுக்கும்போது அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் ஒரே அலசில் முடிக்கிறவர், இப்போது மூன்று தண்ணீர் மாற்றுகிறார். நான் ஆபீஸ் வாசலைத் தாண்டும்வரை குழாய்ச் சத்தம் கேட்கும்.

போன திங்கட்கிழமை காலை, ஞாயிற்றுக்கிழமை போனீர்களா என்று கேட்டேன். போனாராம். அக்கா நன்றாக இருக்கிறாளாம்.

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தினார்.

"நாற்காலி போட்டாம்மா" என்றார். "அவ வீட்டுல நாற்காலியே கிடையாது, எப்பவும் தரையிலதான் உக்காருவோம். நான் வருவேன்னு பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கித் துடைச்சு வச்சிருக்கா. பஸ்ஸுல வந்திருக்கியே, மேல உக்காருங்கறா. தண்ணியை ரெண்டு கையால குடுக்கறா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"உக்காந்தேன்" என்றார்.